கலெக்டர் விலை கிலோ 12 ரூபாய்

ஜூன், ஜூலை மாதங்களில் சித்தூரைச் சுற்றியுள்ள சாலைகளில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்களைப் பார்க்காமல் போக முடியாது. தின்பதற்கான காய்கள் அல்ல அவை, பெரும்பகுதி தோத்தாபுரி. தோல் நீக்கி, கொட்டை பிரித்து, கூழாக்கி, குளிர்பானக் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பப்படும் ரகம். அந்தக் கூழை அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஆங்கிலப் பெயராலேயே சொல்கிறார்கள். தெலுங்கிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தத் தெலுங்கு வாசகத்தைத் தமிழ் விவசாயிகளுக்காக ஒரு ஸ்லைடில் அப்படியே மாற்றி எழுதினால் வருவது இது: ‘பல்ப் தொழிற்சாலைகள் தரும் விலை’.

மின்விளக்கு செய்கிற இடத்தில் மாங்காய்க்கு என்ன விலை என்று வாசிப்பவர் ஒரு நொடி விழிப்பார். தப்பு அவருடையதில்லை. தமிழ் எழுத்தில் ‘பல்ப்’ என்று எழுதினால் முதல் எழுத்தை வல்லோசையாகவும் வாசிக்கலாம், மெல்லிய ஓசையாகவும் வாசிக்கலாம். கடைசி எழுத்தும் அப்படியே. நான்கு வாசிப்புகளில் இரண்டு உயிருள்ள சொற்கள்: ஒன்று கூழ், மற்றொன்று வீட்டுக் கூரையில் தொங்குவது. பின்னது நூறு மடங்கு பழக்கமானது என்பதால் கண் அங்கேதான் போகும். தெலுங்கு எழுத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே இரண்டு ஓசைகளுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. கூழும் விளக்கும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். ஆக, தெலுங்கில் தெளிவாக இருந்த கடன்சொல் தமிழுக்கு வந்ததும் மங்கிவிடுகிறது. எல்லை தாண்டிய பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியிலும் இதே தோத்தாபுரியைத்தான் கூழாக்குகிறார்கள். அங்கிருந்து வரும் தமிழ்ச் செய்திகள் ‘மாங்கூழ் தொழிற்சாலை’ என்று எழுதுகின்றன. அது தூய்மைவாதிகள் உட்கார்ந்து செய்த சொல்லாகத் தோன்றவில்லை. நிருபர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது.

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் கலக்கலாமா கூடாதா என்ற வாதம் பழையது, பெரும்பாலும் உணர்ச்சியால் ஓடுவது. ஸ்லைடு எழுதுகிறவருக்கு அந்த வாதம் அதிகம் உதவாது. அவருக்கு வேண்டியது வேறு: இந்த இடத்தில், இந்த வாசகருக்கு, முன்பின் வாக்கியம் இல்லாமல், அரை நிமிடத்தில் எந்தச் சொல் ஒரே பொருளில் போய்ச் சேரும்? பத்திரிகைக் கட்டுரையில் ‘பல்ப்’ வந்தால் நான்கு சொல்லுக்கு முன்னால் மாம்பழம் வந்திருக்கும்; வாசகர் திருத்திக்கொள்வார். ஸ்லைடில் ஐந்து வரிதான். ஒரு வரியில் தடுக்கினால் அடுத்த வரிக்குள் பேசுகிறவர் பட்டனை அழுத்திவிடுவார்.

சித்தூரும் திருப்பதியும் இந்தக் கேள்வியைச் சோதிக்கத் தோதான மண். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதியதாகச் சொல்லப்படும் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வேங்கடத்தைத்தான் சொல்கிறது. 1911-ல் உருவான சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், பலமனேர் பக்கங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஆந்திரத்திலேயே தங்கின. அவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழியாக ஒரு தலைமுறைக்குப் பழகிப்போன கலைச்சொற்கள் இவர்கள் காதுக்குப் புதியவை. அதே சமயம் இரண்டு மொழிக்கும் பொதுவாக ஆங்கிலக் கடன்சொற்கள் நிறையக் கிடக்கின்றன. எனவே சென்னையில் சரியாக இருக்கும் கலவை இங்கே சரியாக இராது. இங்கே இயல்பாக ஒலிப்பது சென்னையில் சோம்பேறித்தனமாகத் தெரியும்.

எழுத்தின் சிக்கலைக் கொஞ்சம் தொடர்வோம். வடசொல் தமிழுக்குள் வரும்போது அதன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் விதி. ஓசை தமிழோசையாக மாறிவிட்ட சொற்களுக்கு அது அழகாக வேலை செய்தது. ஆனால் ‘பல்ப்’ போன்றவை வாயில் இன்னும் ஆங்கில ஓசையோடு இருக்கின்றன, எழுத்தில் மட்டும் தமிழாகிவிட்டன. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் குழப்பம் பிறக்கிறது.

சொட்டுநீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்ளலாம். மழை குறைந்த சித்தூர் மாவட்டத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. வாய்ப்பேச்சில் ‘டிரிப்’ என்றுதான் வரும். அதை ஸ்லைடில் ‘டிரிப்புக்கு 90% சப்சிடி’ என்று போட்டால் என்ன ஆகும்? டிராக்டர் எத்தனை நடை போனது என்று எண்ணவும் ‘டிரிப்’ என்ற சொல்தான். ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுவதும் ‘டிரிப்ஸ்’. மாங்காய் நடைக்கு அரசு பணம் தருகிறது என்று ஒருவர் படித்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே ‘சொட்டுநீர்’ என்று எழுதுவதில் மொழிப்பற்று எதுவும் கலக்கவில்லை. அந்தச் சொல்லை இதுவரை கேட்டிராதவருக்கும் சொட்டு, நீர் இரண்டும் தெரியும். படம் கூடத் தேவையில்லை.

இதற்கு மாறாக ‘பேங்க்’ என்ற சொல்லைப் பாருங்கள். அதன் முதல் எழுத்துக்கும் இரண்டு ஓசை உண்டு. ஆனால் மற்ற ஓசையில் வாசித்தால் எந்தச் சொல்லும் கிடைக்காது. போட்டிக்கு வர ஆள் இல்லாததால் அது பத்திரமாக இருக்கிறது. ‘பில்’, ‘கேஸ்’, ‘பீஸ்’, ‘பேக்’ போன்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘கேஸ்’ என்று மட்டும் ஒரு ஸ்லைடில் தலைப்பிட்டால் அது சிலிண்டரா, வழக்கா, நோயாளியா என்று தீர்மானிக்க அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டும். கடன்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியதும் அதைத் தனியாகத் துண்டுச்சீட்டில் வைத்து, ஸ்லைடைப் பார்க்காத ஒருவரிடம் நீட்டி என்னவென்று கேட்டுவிடலாம். இரண்டு பதில் வருமானால் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். அரை நிமிட வேலை. ஏனோ யாரும் செய்வதில்லை.

எழுத்தைத் தாண்டி வந்த சொற்களில் எதை வைப்பது, எதை விடுவது? இதற்குத் திருமலை ஒரு நல்ல விடையை வைத்திருக்கிறது, யாரும் திட்டமிடாமலே. கூட்டத்தைப் பல மொழிகளில் நடத்திப் பழகிய ஊர் அது. தேவஸ்தானத்தின் ‘சப்தகிரி’ மாத இதழே தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி எனப் பல மொழிகளில் வருகிறது. இலவச தரிசனத்துக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு அங்கே ‘ஸ்லாட்டட் சர்வ தரிசனம்’ என்று பெயர். திருப்பதியில் விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம் போன்ற இடங்களில் அதற்கான டோக்கன் தருகிறார்கள். இதைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் எழுதும் முறையைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ‘நேர ஒதுக்கீடு டோக்கன்’ என்பார்கள். ‘ஸ்லாட்’ தமிழாகிவிட்டது, ‘டோக்கன்’ அப்படியே நிற்கிறது. ‘சர்வ தரிசனம்’ கூட ‘இலவச தரிசனம்’ ஆகிவிடுகிறது.

ஒரே தொடரில் ஒரு சொல் ஏன் மாறியது, இன்னொன்று ஏன் மாறவில்லை? டோக்கன் கையில் வாங்கும் பொருள். பக்தர் அதைப் பெயர் சொல்லிக் கேட்கிறார், வாயிலில் நிற்பவரும் அதே பெயரைச் சொல்லிக் கேட்கிறார். ‘அடையாள வில்லை எங்கே’ என்று அங்கே எவரும் கேட்கப்போவதில்லை. ஸ்லைடில் அப்படி எழுதியிருந்தால், படித்தவர் கவுண்டரில் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார். ஸ்லாட் கையில் அகப்படாத ஒன்று. அது ஒரு நேரம், ஓர் ஏற்பாடு. அதைப் பெயரால் கேட்க வேண்டியதில்லை, புரிந்துகொண்டால் போதும். புரிந்துகொள்ள வேண்டியதற்குத் தமிழும், கேட்டு வாங்க வேண்டியதற்கு வழக்கிலுள்ள பெயரும் என்று மக்கள் தாமாகவே பிரித்துவிட்டார்கள்.

‘கியூ’ இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும் சொல். ‘வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸ்’ ஒரு கட்டடத்தின் பெயர். அதை ‘வைகுண்ட வரிசை வளாகம்’ ஆக்கினால் பக்தர் வழி கேட்கும்போது ஆட்டோக்காரர் முகத்தைப் பார்ப்பார். ஆனால் அதே ஸ்லைடின் அடுத்த வரி ‘வரிசையில் வரவும்’ என்றே இருக்கலாம். ஒரு ஸ்லைடில் ஒரு பொருளுக்கு இரண்டு சொல் வரக் கூடாது என்று கறாராக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் கறார் நியாயம்தான். இங்கே இருப்பவை இரண்டு பொருள்கள் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

கையில் வாங்குவதைப் போலவே கண்ணில் படுவதற்கும் இந்த முறை பொருந்தும். 300 ரூபாய் டிக்கெட்டை இணையத்தில் எடுப்பவர் `TTDevasthanams` செயலியிலோ `ttdevasthanams.ap.gov.in` தளத்திலோ `Special Entry Darshan` என்ற எழுத்துகளைத் தேட வேண்டும். அதை எப்படி எடுப்பது என்று சொல்லும் ஸ்லைடு ‘சிறப்பு நுழைவு தரிசனம்’ என்று மட்டும் போட்டால், வாசகர் திரையில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே இருப்பார். ‘ஸ்பெஷல் என்ட்ரி தர்ஷன்’ என்று தமிழ் எழுத்தில் போட்டாலும் பாதிப் பலன்தான். அவர் கண் பார்க்கப்போவது ஆங்கில எழுத்துகளை. அழுத்த வேண்டிய பட்டனின் பெயரைத் திரையில் உள்ளபடியே, உள்ள எழுத்திலேயே காட்ட வேண்டும். அது என்ன என்பதைப் பக்கத்தில் தமிழில் சொன்னால் போதும்.

இங்கே இலக்கணம் குறுக்கே வரும். தமிழ் வாக்கியத்தில் பெயர்ச்சொல் பெரும்பாலும் தனியாக நிற்காது. ஐ, இல், கு என்று ஏதாவது ஒட்டிக்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்தில் உள்ள கடன்சொல் இதை எளிதாகச் செய்துவிடும்: டோக்கனை, டிக்கெட்டை, பஸ்ஸில். ‘டிக்கெட்டை’ என்பதில் ட் இரட்டிப்பதே அது தமிழ்ச் சொல்லாகிவிட்டதற்கு அடையாளம். வாய் அதற்கு விதி கேட்பதில்லை. ஆங்கில எழுத்தில் நிற்கும் சொல்லுக்கு இது வராது. ‘OTP-யை’ என்பதா, ‘OTP-ஐ’ என்பதா? இடையில் கோடு போடுவதா, விடுவதா? ஒரே தொகுப்பில் மூன்று விதமாக எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இதற்கு ஓர் எளிய வழி, பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெயரை நிறுத்தி உருபை அதன் தோளில் ஏற்றிவிடுவது. ‘OTP எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்’, ‘PDF கோப்பைத் திறக்கவும்’, ‘TTDevasthanams செயலியில் பார்க்கவும்’. ஆங்கில எழுத்து அசையாமல் இருக்கும், வாக்கியம் தமிழாக நடக்கும். வாசகருக்கு அந்த மூன்றெழுத்து என்ன வகைப் பொருள் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

வினைச்சொல் இன்னும் சங்கடமானது. ஆங்கில வினை தமிழுக்குள் நேரே வராது; ‘பண்ணு’ என்ற துணையோடுதான் வரும் என்பதை மொழியியலாளர் இ. அண்ணாமலை 1970களிலேயே எழுதியிருக்கிறார். பேச்சில் ‘அப்லோட் பண்ணுங்க’ என்பது மிக இயல்பு. ஸ்லைடில் எழுத்துநடை வேண்டியிருப்பதால் அது ‘அப்லோட் பண்ணவும்’ ஆகும்போது வேட்டிக்கு மேல் கோட்டு போட்டது போலாகிறது: பண்ணு பேச்சிலிருந்து வந்தது, ‘-வும்’ அலுவலகக் கடிதத்திலிருந்து வந்தது. ‘அப்லோட் செய்யவும்’ என்று துடைத்தாலும் இரண்டு சொல் செலவு. ‘பதிவேற்றவும்’ ஒரே சொல், ஆனால் சித்தூர்க்காரருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். இந்த இடத்தில் பலர் பெயருக்கும் வினைக்கும் ஒரே சட்டம் போடுகிறார்கள். அதுதான் ஸ்லைடைச் செயற்கையாக்குகிறது. பெயர்களில் தாராளமாக இருக்கலாம். வினையில் பெரும்பாலும் பழைய, சிறிய தமிழ் வினை ஒன்று சும்மா காத்திருக்கும்: போடு, அனுப்பு, எடு, வை, காட்டு. ‘போட்டோவை அப்லோட் செய்யவும்’ என்பதைவிட ‘போட்டோவை அனுப்பவும்’ எளிது. செய்யச் சொன்னதும் அதுதான்.

சில இடங்களில் தமிழ்ச் சொல்லே கால் இடறும். இது எல்லையோர ஊர்களுக்கே உரிய சிக்கல். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. தமிழின் அவசரத்துக்கு நெருக்கமாக அங்கே வழங்குவது ‘அத்யவசரம்’. திருப்பதி ஆஸ்பத்திரிகளுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பலர் இரு மொழிக் காதுள்ளவர்கள். அவர்களுக்காக ஒரு ஸ்லைடில் ‘அவசர மருந்துகள்’ என்று எழுதினால், தேவையான மருந்துகள் என்று படிப்பவரும் உண்டு, உயிர் காக்கும் நேரத்து மருந்துகள் என்று படிப்பவரும் உண்டு. இரண்டு மொழியிலும் ஒரே பொருளில் வழங்கும் ‘எமர்ஜென்சி’ இங்கே நியாயமான தேர்வு. வாசலில் தொங்கும் பலகையிலும் அதுதான் இருக்கும்.

‘மானியம்’ இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டு அரசுச் செய்திகளில் அது பெரும்பாலும் அரசு தரும் பண உதவி. தெலுங்கில் ‘மான்யம்’ என்றால் வரியில்லாமல் விடப்பட்ட நிலம், பெரும்பாலும் கோயிலுக்கோ ஊழியக்காரருக்கோ கொடுத்தது. பழைய தமிழிலும் அப்படித்தான். கோயில் மான்ய நிலங்கள் இருக்கும் கிராமத்தில் ‘மாங்காய்க்கு மானியம்’ என்று தலைப்பிட்டால், பெரியவர் ஒருவருக்கு நிலம் நினைவுக்கு வருவதில் ஆச்சரியமில்லை.

இத்தனையையும் ஒரே ஸ்லைடில் வைத்துப் பார்க்க 2025-ம் ஆண்டு நல்ல பொருள் தந்தது. அந்தப் பருவத்தில் தோத்தாபுரி விளைச்சல் குவிந்து விலை சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் விவசாயிக்குக் கிடைக்க வேண்டும், அதில் 8 ரூபாயைத் தொழிற்சாலைகளும் 4 ரூபாயை அரசும் தர வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. இந்தச் செய்தியை நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்குச் சொல்லும் ஸ்லைடு ஒன்றை மாதிரிக்கு எழுதிப் பார்க்கலாம். ஆபீஸ் வழக்கில் முதலில் வருவது இப்படி இருக்கும்:

தோத்தாபுரி ப்ரொக்யூர்மென்ட் ரேட் டீட்டெயில்ஸ்
பல்ப் ஃபேக்டரி: கிலோ ரூ.8
கவர்ன்மென்ட் சப்சிடி: கிலோ ரூ.4
தேவையான டாக்குமென்ட்ஸ்: பேங்க் பாஸ்புக், ஆதார்

இதைக் கண்டு பதறும் ஒருவர் திருத்தினால்:

கிளிமூக்கு மாங்காய்க் கொள்முதல் விலை விவரம்
கூழ்மத் தொழிலகம்: கிலோ ரூ.8
அரசு மானியம்: கிலோ ரூ.4
இணைப்பு ஆவணங்கள்: வைப்பகக் கணக்கேடு, ஆதார்

முதலாவதில் தமிழ் இல்லை, இரண்டாவதில் சித்தூர் இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு: எல்லாமே பெயர்ச்சொல். ‘ப்ரொக்யூர்மென்ட்’, ‘கொள்முதல்’ இரண்டுமே கையில் வாங்கும் பொருள் அல்ல, கவுண்டரில் கேட்கும் பெயரும் அல்ல. விவசாயி அறிய வேண்டியது யார் எவ்வளவு தருவார் என்பது. ‘சப்சிடி’யா ‘மானியம்’ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ‘தருவது’ என்று வினையை வைத்தால் அந்தச் சண்டையே எழாது. மறுபக்கம், ‘பாஸ்புக்’ அலமாரியில் இருந்து எடுத்து வர வேண்டிய பொருள். அட்டையிலும் அந்தப் பெயர்தான் அச்சடித்திருக்கும். அதை மாற்றினால் அவர் வேறு எதையோ தேடுவார். ‘ஃபேக்டரி’ வாய்வழக்கு; ‘பல்ப்’ மட்டும் கூழாக வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டு போனால் ஸ்லைடு இவ்வளவில் வந்து நிற்கும்:

மாங்காய்க்குக் கிலோவுக்கு 12 ரூபாய்
கூழ் ஃபேக்டரி தருவது: 8 ரூபாய்
அரசு தருவது: 4 ரூபாய்
கொண்டு வரவும்: பேங்க் பாஸ்புக், ஆதார்

கிலோவைச் சேர்த்தாலும் ஆங்கிலக் கடன்சொற்கள் நான்கே. நான்கும் விவசாயி தினம் வாயால் சொல்பவை. ஆங்கில வினை ஒன்றும் இல்லை. கூட்டத்தில் தமிழ் எழுத்துத் தெரியாத, தெலுங்கு மட்டும் படித்த தமிழர்கள் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுப் படித்தாலே போதும். படிப்பவர் எந்தச் சொல்லையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஆனால் தலைப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. 12 ரூபாய் எல்லா மாங்காய்க்கும் இல்லை, தோத்தாபுரிக்கு மட்டும். நீலமும் பங்கனபள்ளியும் வைத்திருப்பவர் இந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு லோடு ஏற்றிக்கொண்டு வந்தால் சண்டை வரும். ஆகவே ரகத்தின் பெயர் வேண்டும். தமிழில் அதற்குக் கிளிமூக்கு என்று பெயர், காயின் மூக்கைப் பார்த்து வைத்தது. பெங்களூரா என்றும் சொல்வார்கள். தொழிற்சாலைக்காரர்களுக்கு அது தோத்தாபுரி. ஆந்திரத் தோட்டங்களில் அதற்கு இன்னொரு பெயரும் வழங்குகிறது: கலெக்டர். கடன்சொல்தான், வாயில் நன்றாகப் பழகியதுதான், தமிழ் எழுத்தில் எழுதி வேறு ஓசையில் வாசித்தாலும் வேறு சொல் எதுவும் கிடைக்காது. துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினால், தோட்டக்காரர் மாங்காய் என்பார். அவர் மகன், விலையை அறிவித்த அதிகாரி என்பார்.